வளைகோடு திரும்பும் இடமும் அதன் திட்டப்பிழையும்: டெல்டா முறை

ரெக்ரஷன் ஓட்டினால் ஒவ்வொரு கெழுவுக்கும் பக்கத்தில் ஒரு திட்டப்பிழை அச்சாகி வரும். அந்தக் கெழுவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அதுவே அளவு. ஆனால் நமக்கு வேண்டிய விடை பல சமயம் அந்த அட்டவணையில் எந்த வரியிலும் இருப்பதில்லை. இரண்டு கெழுக்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால்தான் அது கிடைக்கும். விடையைக் கணக்கிடுவது எளிது. அந்த விடைக்கான திட்டப்பிழையை எங்கே போய்த் தேடுவது? இதற்குத்தான் டெல்டா முறை.

இருபடிச் சமன்பாட்டின் திரும்பும் புள்ளியை வைத்தே முழுவதையும் பார்க்கலாம். தரவு R மென்பொருளோடு கூடவே வரும் `mtcars`. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து எடுத்த 32 கார்களின் விவரம் அதில் இருக்கிறது. R வைத்திருக்கும் யாரும் கீழே வரும் எண்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

காரின் குதிரைத்திறன் கூடக்கூட மைலேஜ் குறையும். ஆனால் ஒரே சீராகக் குறையாது. சிறிய என்ஜின்களில் வேகமாகக் குறைந்து, பெரிய என்ஜின்களை நெருங்கும்போது குறைவது மெதுவாகிறது. இதைப் பிடிக்க `hp`-யோடு அதன் வர்க்கத்தையும் சேர்க்கிறோம்.

```r
m <- lm(mpg ~ hp + I(hp^2), data = mtcars)
summary(m)
```

`hp`-யின் கெழு, அதாவது b1, −0.2133, அதன் திட்டப்பிழை 0.0349. வர்க்கத்தின் கெழு b2, 0.000421, அதன் திட்டப்பிழை 0.0000984. b1 குறை எண், b2 மிகை எண். ஆகவே வளைகோடு முதலில் இறங்கி, ஓரிடத்தில் தரை தட்டி, பிறகு ஏறும். தரை தட்டும் இடத்தில் சாய்வு சுழி. hp = x என்னும் இடத்தில் சாய்வு b1 + 2·b2·x. அதைச் சுழி என்று வைத்தால் x = −b1 / (2·b2). எண்களைப் போட்டால் 253.4 குதிரைத்திறன் வருகிறது.

சரி, 253.4. இது 253-ஐ ஒட்டியேதானா, 150-ஆகவும் இருந்திருக்கலாமா, 400-ஆகவும் இருந்திருக்கலாமா? அட்டவணை இதைச் சொல்லாது.

இரண்டு கெழுக்களைத் தொடும் முன், ஒரே ஓர் எண்ணோடு தொடங்குவோம். ஒரு ஸ்கூட்டர் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தருகிறது என்று அளந்திருக்கிறோம், திட்டப்பிழை 2. நமக்குத் தெரிய வேண்டியது 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது. 100/50, அதாவது 2 லிட்டர். இந்த 2-க்குத் திட்டப்பிழை என்ன? மைலேஜ் 48-ஆக இருந்தால் 2.083 லிட்டர், 52-ஆக இருந்தால் 1.923 லிட்டர். ஒரு பக்கம் 0.083, மறுபக்கம் 0.077. சுமாராக 0.08.

இந்த 0.08-ஐ இரண்டு முனைகளிலும் கணக்குப் போடாமலே பெறலாம். 100/m என்ற சார்பு m = 50-இல் எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். அதன் வகைக்கெழு −100/m², இங்கே −0.04. மைலேஜ் ஒரு கிலோமீட்டர் ஆடினால் லிட்டர் கணக்கு 0.04 ஆடும். மைலேஜின் ஆட்டம் 2 என்பதால் லிட்டரின் ஆட்டம் 0.04 × 2 = 0.08. டெல்டா முறையின் அடிப்படை இவ்வளவுதான். வளைந்த சார்பை நாம் நிற்கும் புள்ளியில் ஒரு நேர்கோடாக எடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் சாய்வால் திட்டப்பிழையைப் பெருக்குகிறோம்.

இதே ஸ்கூட்டரின் திட்டப்பிழை 2-க்குப் பதில் 20 என்று வையுங்கள். டெல்டா முறை 0.8 லிட்டர் என்று சொல்லும். ஆனால் மைலேஜ் 30-ஆக இருந்தால் 3.33 லிட்டர், 70-ஆக இருந்தால் 1.43 லிட்டர். ஒரு பக்கம் 1.33 தள்ளிப் போகிறது, மறுபக்கம் 0.57 மட்டும். ஆட்டம் சிறியதாக இருக்கும்வரை வளைகோட்டை நேர்கோடு என்று எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆட்டம் பெரிதானால் அந்தக் கோடு வளைவை விட்டு விலகிவிடும். இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

இப்போது கார்கள். திரும்பும் புள்ளி b1, b2 என்ற இரண்டையும் நம்பியிருக்கிறது. ஆகவே இரண்டு சாய்வுகள் வேண்டும். b1-ஐ மட்டும் கொஞ்சம் அசைத்தால் திரும்பும் புள்ளி எவ்வளவு நகரும் என்பது −1/(2·b2); மதிப்பு −1188. b2-ஐ மட்டும் அசைத்தால் எவ்வளவு நகரும் என்பது b1/(2·b2²). மதிப்பு ஏறத்தாழ −602270. இரண்டாவது எண்ணின் அளவைப் பார்த்து மிரள வேண்டாம். b2 அவ்வளவு சிறிய எண் என்பதால், அதில் ஓர் அலகு என்பதே பிரம்மாண்டமான மாற்றம்.

ஒவ்வொரு சாய்வையும் அதனதன் திட்டப்பிழையால் பெருக்கி, வர்க்கப்படுத்திக் கூட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். செய்து பார்ப்போம். b1-இன் பங்கு 1718, b2-இன் பங்கு 3515, கூட்டினால் 5233. வர்க்கமூலம் 72.3. அதாவது திரும்பும் புள்ளி 253, திட்டப்பிழை 72. இரண்டு திட்டப்பிழை தள்ளினால் கிட்டத்தட்ட 110 முதல் 400 வரை. இந்தத் தரவில் கார்களின் சராசரிக் குதிரைத்திறனே 147. வளைகோடு 110-இலேயே தரை தட்டியிருக்கலாம் என்கிறது இந்தக் கணக்கு. படத்தில் புள்ளிகளைப் பார்த்தால் 110-ஐத் தாண்டியும் மைலேஜ் தெளிவாக இறங்கிக்கொண்டே போகிறது. எங்கோ தவறு இருக்கிறது.

b1-உம் b2-உம் தனித்தனியாக ஆடுவதாக எடுத்துக்கொண்டதுதான் அந்தத் தவறு. அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. b1 என்பது hp சுழியாக இருக்கும் இடத்தில் வளைகோட்டின் சாய்வு. அப்படி ஒரு கார் கிடையாது; தரவில் மிகச் சிறியதே 52 குதிரைத்திறன். கார்கள் குவிந்திருக்கும் நடுப்பகுதியில் வளைகோடு எங்கே, எந்தச் சாய்வில் போக வேண்டும் என்பதைத் தரவு இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே இடது ஓரத்தில் b1 இன்னும் செங்குத்தாக இறங்கினால், நடுவில் சரியான சாய்வுக்கு வந்து சேர வளைவு கூடியே தீர வேண்டும். b1 கீழே போனால் b2 மேலே போகும். இந்தத் தரவில் இரண்டு கெழுக்களுக்கும் இடையிலான ஒட்டுறவு −0.97.

அந்த இரண்டு நகர்வுகளும் திரும்பும் புள்ளியை என்ன செய்கின்றன? b1 இறங்கினால் புள்ளி வலப்பக்கம் போகும். b2 ஏறினால் இடப்பக்கம் வரும். ஒன்று தள்ளுவதை மற்றொன்று பெருமளவு இழுத்துவிடுகிறது. இதைக் கணக்கில் கொண்டுவருவதுதான் உடன்மாறுபாடு. டெல்டா முறையின் முழு வாய்பாடு:

```
Var(x*) ≈ g1²·Var(b1) + g2²·Var(b2) + 2·g1·g2·Cov(b1, b2)
```

x* என்பது திரும்பும் புள்ளி. g1, g2 என்பவை மேலே கண்ட இரண்டு சாய்வுகள். உடன்மாறுபாட்டை `vcov(m)` தரும், இங்கே −0.00000334. மூன்றாவது உறுப்பைக் கணக்கிட்டால் −4782. ஆக 1718 + 3515 − 4782 = 451. வர்க்கமூலம் 21.2.

72 எங்கே, 21 எங்கே. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. வித்தியாசம் முழுவதும் `summary` காட்டாத அந்த ஒரே எண்ணில் இருக்கிறது. ஓர் ஆய்வு அறிக்கையில் கெழுக்களும் திட்டப்பிழைகளும் மட்டும் அச்சாகியிருந்தால், அதை வைத்துத் திரும்பும் புள்ளியின் திட்டப்பிழையைக் கணக்கிட முடியாமல் போவதும் இதனால்தான்.

உடன்மாறுபாட்டை விடுவது தவறு என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறொன்று. `hp`-க்குப் பதிலாக `hp - 250` என்ற மாறியைப் போட்டு அதே ரெக்ரஷனை மறுபடி ஓட்டுங்கள். வளைகோடு அதேதான், மீதங்களும் அதேதான். அளவுகோலின் சுழியை மட்டும் நகர்த்தியிருக்கிறோம். முழு வாய்பாடு இப்போதும் 21.2 என்றே சொல்லும். உடன்மாறுபாட்டை விட்ட குறுக்குவழியோ 72-லிருந்து சுமார் 20.5-க்கு இறங்கிவிடும். சுழியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து நம் நிச்சயமின்மை மாறுமானால் அந்தக் கணக்கை எப்படி நம்புவது?

R-இல் கையாலேயே செய்து பார்த்தால் மனதில் பதியும்:

```r
b  <- coef(m)
V  <- vcov(m)
tp <- -b[2] / (2 * b[3])
g  <- c(0, -1 / (2 * b[3]), b[2] / (2 * b[3]^2))
se <- sqrt(drop(t(g) %*% V %*% g))
```

`g`-யின் முதல் இடம் சுழி, ஏனென்றால் வெட்டுத்துண்டு மாறினால் வளைகோடு மேலும் கீழும் போகுமே தவிர, திரும்பும் இடம் நகராது. ஒருமுறை இப்படிச் செய்து புரிந்துகொண்ட பிறகு `car` தொகுப்பின் `deltaMethod` சார்பிடம் வேலையை விட்டுவிடலாம்:

```r
car::deltaMethod(m, "-b1/(2*b2)",
                 parameterNames = c("b0", "b1", "b2"))
```

வாய்பாட்டைக் கொஞ்சம் மாற்றி அடுக்கினால் அதற்குள் ஒரு படம் தெரிகிறது. திரும்பும் புள்ளியின் திட்டப்பிழை என்பது, அந்த இடத்தில் சாய்வுக்கு உள்ள திட்டப்பிழையை 2·b2-ஆல் வகுத்தது. இது தோராயம் அல்ல. டெல்டா வாய்பாடும் இதுவும் ஒன்றேதான். நம் தரவில் 253 குதிரைத்திறனில் சாய்வின் திட்டப்பிழை சுமார் 0.0179. ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் சாய்வு 0.00084 மாறுகிறது. 0.0179-ஐ 0.00084-ஆல் வகுத்தால் அதே 21 வருகிறது. சாய்வு சுழியைத் தொடும் இடத்தைத் தேடுகிறோம், சாய்வே 0.0179 அளவு மங்கலாக இருக்கிறது. அந்த மங்கலைக் கடக்க 21 குதிரைத்திறன் தூரம் போக வேண்டியிருக்கிறது.

திட்டப்பிழை எப்போது பெரிதாகும் என்பதும் இந்தப் படத்திலேயே தெரியும். ஒன்று, வளைவு மெல்லியதாக இருந்தால்: தட்டையான கிண்ணத்தின் அடிப்புள்ளியைக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு, திரும்பும் இடத்தில் சாய்வையே சரியாக அளக்க முடியாவிட்டால். நம் தரவில் 172 குதிரைத்திறனை ஒட்டிய இடத்தில்தான் சாய்வு மிகத் துல்லியமாகத் தெரிகிறது. அங்கே அதன் திட்டப்பிழை 0.008. 253-க்குப் போகும்போது அது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. தரவின் ஓரத்துக்கு வந்துவிட்டோம் என்பதே காரணம்.

அந்த ஓரத்தை எண்ணிப் பார்த்தேன். 32 கார்களில் 253-ஐத் தாண்டியவை இரண்டே இரண்டு: 264 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டு பன்டேரா, 335 கொண்ட மசராட்டி போரா. வளைகோடு திரும்பி ஏறுகிறது என்பதற்குத் திரும்பும் புள்ளிக்கு வலப்புறம் உள்ள சாட்சி இவ்வளவுதான். மசராட்டியை மட்டும் எடுத்துவிட்டு 31 கார்களோடு ஓட்டினால் திரும்பும் புள்ளி 233-க்கு வந்துவிடுகிறது, திட்டப்பிழை 27 ஆகிறது. ஒரே ஒரு கார் போனதும் விடை ஏறத்தாழ ஒரு திட்டப்பிழை அளவு நகர்ந்துவிட்டது. இதை டெல்டா முறை எச்சரிக்காது. இருபடி வடிவம்தான் உண்மை என்று எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே அது கணக்குப் போடுகிறது. மைலேஜ் குறைந்து குறைந்து தட்டையாகிவிடுகிறதா, உண்மையிலேயே திரும்பி ஏறுகிறதா என்ற கேள்விக்கு இந்த 21-இல் பதில் இல்லை. என்னைக் கேட்டால், இந்தத் தரவில் தட்டையாகிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

இனி நம்பக இடைவெளி. 29 கட்டின்மை எண்களுக்கு 95 விழுக்காட்டு t மதிப்பு 2.045. 253.4-க்கு இருபுறமும் 2.045 × 21.2 தள்ளினால் ஏறத்தாழ 210 முதல் 297 வரை. இரண்டு பக்கமும் சமம், ஏனென்றால் நேர்கோடு என்று எடுத்துக்கொண்டோம்.

ஸ்கூட்டர் கணக்கில் ஆட்டம் பெரிதானபோது என்ன ஆனது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். b2-இன் திட்டப்பிழை அதன் மதிப்பில் 23 விழுக்காடு. இது சிறிய ஆட்டம் அல்ல. b2 வகுக்கும் இடத்தில் வேறு இருக்கிறது. அது சுழியை நோக்கிச் சுருங்கினால் திரும்பும் புள்ளி வலப்பக்கம் வெகுதூரம் ஓடும், பெருகினால் இடப்பக்கம் கொஞ்சமே நகரும். ஆக, உண்மையான இடைவெளி வலப்பக்கம் நீண்டிருக்க வேண்டும்.

இதைச் சரிபார்க்க ஃபீலர் என்ற புள்ளியியலாளர் தந்த வழி இருக்கிறது. இரண்டு கெழுக்களை வகுக்காமலே கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். ஏதாவது ஓர் x-ஐ எடுத்து, அந்த இடத்தில் சாய்வு சுழி என்று சொன்னால் தரவு மறுக்குமா என்று பார்க்க வேண்டும். சாய்வு b1 + 2·b2·x என்பது கெழுக்களின் நேரியல் சேர்க்கை, ஆகவே அதன் திட்டப்பிழை தோராயம் இல்லாமல் கிடைக்கும். தரவு மறுக்காத எல்லா x-களும் சேர்ந்ததே இடைவெளி. இங்கே அது சுமார் 222 முதல் 333 வரை வருகிறது. 253-க்கு இடப்பக்கம் 31, வலப்பக்கம் 79. டெல்டா தந்த 210–297 இடப்பக்கம் தேவைக்கு மேல் நீண்டும் வலப்பக்கம் குறுகியும் இருந்திருக்கிறது. வலது முனை மசராட்டியையே தொட்டுவிடுகிறது. அதாவது தரவு இருக்கும் எல்லைவரை வளைகோடு இறங்கிக்கொண்டே இருந்திருக்கலாம் என்பதை ஏறக்குறைய மறுக்க முடியவில்லை.

எப்போது டெல்டா முறையோடு நிறுத்திக்கொள்ளலாம்? b2-ஐ அதன் திட்டப்பிழையால் வகுத்து வரும் t விகிதத்தைப் பாருங்கள். அது 10-ஐத் தாண்டினால் இரண்டு இடைவெளிகளும் பெரும்பாலும் ஒட்டியே வரும். நான் டெல்டாவையே எழுதுவேன். நம்முடையதில் அது 4.3. இந்த அளவில் ஃபீலர் இடைவெளியையும் போட்டுவிடுவது நல்லது. விகிதம் 2-ஐ ஒட்டி வந்துவிட்டால் ஃபீலர் இடைவெளியின் ஒரு முனை முடிவிலிக்கு ஓடிவிடும். வளைவு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும்போது அது திரும்பும் இடத்தைக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். டெல்டா முறையோ அப்போதும் ஓர் எண்ணைக் கொடுக்கும், இருபுறமும் சமமாக ஓர் இடைவெளியையும் கொடுக்கும். அதை அறிக்கையில் எழுதும் முன் b2-இன் வரியை ஒருமுறை திரும்பப் பார்த்துவிடுங்கள்.